1,80,000 கட்டியவரின் யூலிப் கணக்கில் 1,76,266 ஏன்? ஒரு ஸ்டேட்மென்டின் ஆய்வு

திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் 2022 ஏப்ரலில், ஆயுள் காப்பீடும் சந்தை முதலீடும் ஒன்றாகச் சேர்ந்த யூலிப் பாலிசி ஒன்றை எடுத்தார். அப்போது அவருக்கு வயது 48. ஆண்டுப் பிரீமியம் 60,000 ரூபாய், காப்பீட்டுத் தொகை 6 லட்சம், காலம் 15 ஆண்டு. மூன்று பிரீமியம் கட்டிவிட்டார், ஆக மொத்தம் 1,80,000. 2025 மார்ச் 31 தேதியிட்ட ஆண்டு ஸ்டேட்மென்டில் ஃபண்ட் மதிப்பு 1,76,266 என்று வந்தது. வருமான வரிக் கணக்குக்காக வருஷா வருஷம் என்னிடம் வருபவர் என்பதால், அந்தத் தாளையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

"மூணு வருஷத்துல மார்க்கெட் ஏறியிருக்குனு எல்லாரும் சொல்றாங்க சார். என் பணம் மட்டும் எப்படி இறங்கும்?" என்பது அவர் கேள்வி. பாலிசியை விற்ற ஏஜென்ட் தம்பியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார். "இப்ப மார்க்கெட் டவுன் சார், வெயிட் பண்ணுங்க" என்று பதில் வந்திருக்கிறது.

அந்தப் பதில் தவறு. அவர் பணம் போன ஃபண்டின் என்.ஏ.வி., அதாவது அந்த ஃபண்டின் ஒரு பங்கான யூனிட்டின் விலை, 2022 ஏப்ரல் 8 அன்று 24.60. 2025 மார்ச் 31 அன்று 30.90. நடுவில் 33-ஐத் தொட்டுவிட்டு இறங்கியது உண்மைதான், ஆனாலும் ஆரம்பத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். ஆகவே குறைந்ததற்கு மார்க்கெட்டைக் காரணம் சொல்ல முடியாது. வேறு எங்கோ போயிருக்கிறது. எங்கே என்று தேடுவதுதான் இந்த ஆய்வு. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தக் கணக்கு முறை பெரும்பாலான யூலிப்களுக்குப் பொருந்தும், விகிதங்கள்தான் மாறும்.

கட்டணம் எடுக்கப்படும் மூன்று இடங்கள்

ஸ்டேட்மென்டைப் படிக்கத் தெரியாமல் போவதற்குக் காரணம், கட்டணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கழிவதில்லை. பிரீமியம் உள்ளே வந்ததும், யூனிட் வாங்குவதற்கு முன்பே ஒரு பகுதி வெட்டப்படுகிறது. அது ஒதுக்கீட்டுக் கட்டணம், ஏஜென்ட்கள் வாயில் அலொகேஷன் சார்ஜ். மீதியில் யூனிட் வாங்கிய பிறகு, மாதாமாதம் சில யூனிட்களை ரத்து செய்து நிர்வாகக் கட்டணமும் ஆயுள் காப்பீட்டுக்கான மார்டாலிட்டி சார்ஜும் எடுக்கப்படுகின்றன. மூன்றாவதாக, ஃபண்டை நிர்வகிப்பதற்கான கட்டணம் என்.ஏ.வி.க்குள்ளேயே தினமும் கழிந்துவிடுகிறது. முதலாவது ரூபாயைக் குறைக்கும், இரண்டாவது யூனிட் எண்ணிக்கையைக் குறைக்கும், மூன்றாவது யூனிட்டின் விலையைக் குறைக்கும்.

ஆசிரியர் கையில் இருந்தது கடைசி ஆண்டின் தாள் மட்டும். அதில் அந்த ஆண்டுக் கட்டணங்கள்தான் இருந்தன, முந்தைய இரண்டு ஆண்டும் 'தொடக்க இருப்பு' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டன. மொத்தப் பிரீமியத்தையும் இன்றைய மதிப்பையும் ஒப்பிட வேண்டுமானால் முதல் நாளிலிருந்து எல்லாத் தாளும் வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் பாலிசி எண்ணைப் போட்டு மூன்று ஆண்டு ஸ்டேட்மென்டையும் இறக்கினோம். கூடவே பாலிசி பத்திரத்தையும் எடுத்துவரச் சொன்னேன். கட்டண விகித அட்டவணை அதில்தான் இருக்கும். ஸ்டேட்மென்டில் எவ்வளவு எடுத்தார்கள் என்பது தெரியும். எவ்வளவு எடுக்கலாம் என்பது பத்திரத்தில்தான் தெரியும்.

முதல் வெட்டு: யூனிட் வாங்கும் முன்

இந்த பாலிசியில் ஒதுக்கீட்டுக் கட்டணம் முதல் ஆண்டு 6 சதவீதம், 2 முதல் 5-ஆம் ஆண்டு வரை 5 சதவீதம். முதல் பிரீமியத்தில் 6 சதவீதம் என்றால் 3,600. அதன்மேல் அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி, 648. ஆக 4,248 போய், மீதி 55,752 ரூபாய்க்குத்தான் யூனிட் வாங்கப்பட்டது. அதை 24.60-ஆல் வகுத்தால் 2,266.341 யூனிட். ஸ்டேட்மென்டிலும் மூன்றாம் தசமம் வரை அதே எண்தான் இருந்தது.

அடுத்த இரண்டு ஆண்டும் 3,000 கட்டணம், 540 ஜிஎஸ்டி, ஆக 3,540. ஒவ்வொரு முறையும் 56,460 ரூபாய் உள்ளே போயிருக்கிறது. மூன்று ஆண்டில் இந்த வகையில் போனது 11,328. அதாவது 1,80,000 கட்டினாலும், முதலீடானது 1,68,672தான்.

இரண்டாம் பிரீமியத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் 2023 ஏப்ரல் 6-ஆம் தேதியே பணத்தை அனுப்பிவிட்டார், தாளில் 10-ஆம் தேதி என்.ஏ.வி.யில் யூனிட் கொடுத்திருக்கிறார்கள். நாலு நாள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்களா என்று கேட்டார். இது முறைப்படிதான் நடந்திருக்கிறது. கெடு தேதிக்கு முன்னால் கட்டும் புதுப்பிப்புப் பிரீமியத்துக்கு கெடு தேதி என்.ஏ.வி.யில்தான் யூனிட் தருவார்கள். அவருடைய கெடு தேதி ஏப்ரல் 8. அந்த ஆண்டு அது சனிக்கிழமை. சனிக்கிழமை என்.ஏ.வி. போடுவதில்லை என்பதால் திங்கள்கிழமை விலை, 24.90. கெடு தேதியிலோ அதற்குப் பிறகோ கட்டினால் பிற்பகல் 3 மணிதான் எல்லை. அதற்குள் பணம் போய்ச் சேர்ந்தால் அன்றைய முடிவு விலை, தாண்டினால் அடுத்த வேலை நாளின் விலை. செக் கொடுத்து, அது வெளியூர் செக்காக இருந்தால் பணம் கைக்கு வந்த நாளின் விலை. தேதி பொருந்தவில்லை என்று வரும் சண்டைகளில் பாதி இந்த விதிகளோடு முடிந்துவிடும்.

இரண்டாம் வெட்டு: மாதாமாதம் கரையும் யூனிட்

இதை ஒரு மாதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 2022 ஏப்ரல் 8, பாலிசி தொடங்கிய அதே நாள். கணக்கில் 55,752 ரூபாய் மதிப்புள்ள யூனிட் வந்த கையோடு முதல் மாதக் கட்டணமும் கழிந்திருக்கிறது.

நிர்வாகக் கட்டணம் மாதம் 300, ஜிஎஸ்டி 54, ஆக 354. இது பிரீமியம் பெரியதா சிறியதா என்று பார்ப்பதில்லை. ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மாதம் 500 வரை அனுமதிக்கிறது, இவர்கள் 300 வைத்திருக்கிறார்கள்.

மார்டாலிட்டி சார்ஜ் கொஞ்சம் நுணுக்கமானது. பலர் இதை 6 லட்சத்துக்குப் போடும் கட்டணம் என்று நினைக்கிறார்கள். இவர் எடுத்த வகையில் அப்படி இல்லை. பாலிசிதாரர் இறந்தால் காப்பீட்டுத் தொகை, ஃபண்ட் மதிப்பு, கட்டிய பிரீமியத்தில் 105 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அதைத்தான் நிறுவனம் தரும். ஆகவே 6 லட்சம் தர வேண்டிவந்தால் அதில் ஒரு பங்கு ஏற்கெனவே அவருடைய ஃபண்டிலேயே இருக்கிறது. நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டியது வித்தியாசத்தை மட்டும். முதல் நாளில் அந்த வித்தியாசம் 6,00,000 கழித்தல் 55,752, அதாவது 5,44,248. இதற்கு மட்டும்தான் கட்டணம். பத்திரத்தின் அட்டவணையில் 48 வயதுக்கு ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 3.60 என்று போட்டிருந்தது. ஆண்டுக்கு 1,959 ரூபாய் சொச்சம், 12-ஆல் வகுத்தால் 163.27. ஜிஎஸ்டி 29.39 சேர்த்தால் 192.66.

நிர்வாகக் கட்டணத்தோடு கூட்டினால் அந்த மாதம் 546.66 ரூபாய். அன்றைய விலை 24.60. வகுத்தால் 22.222 யூனிட். ஸ்டேட்மென்டில் 'யூனிட் ரத்து' என்ற வரியில் சரியாக 22.222. இதைப் பார்த்தபோது ஆசிரியர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. கணித ஆசிரியர்தான் அவர். அதற்குப் பிறகு கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இப்படி மாதம் ஒன்றாக 36 முறை. ஆண்டு வாரியாக யூனிட் கணக்கு இது:

| ஆண்டு | வாங்கிய யூனிட் | வாங்கிய விலை | ரத்தான யூனிட் | ரத்தின் ரூபாய் மதிப்பு | ஆண்டு இறுதி யூனிட் |
|---|---|---|---|---|---|
| 2022–23 | 2,266.341 | 24.60 | 272.946 | 6,578 | 1,993.395 |
| 2023–24 | 2,267.470 | 24.90 | 242.630 | 6,551 | 4,018.235 |
| 2024–25 | 1,888.294 | 29.90 | 202.138 | 6,428 | 5,704.391 |

மொத்தம் வாங்கியது 6,422.105. ரத்தானது 717.714. மீதி 5,704.391. அதை 30.90-ஆல் பெருக்கினால் 1,76,266. தாளில் உள்ள அதே தொகை. கணக்கில் ஓட்டை எதுவும் இல்லை.

ரத்தான 19,557 ரூபாயில் மார்டாலிட்டி சார்ஜ் 6,813தான். மீதி 12,744-ம் நிர்வாகக் கட்டணம். இதை இரண்டு முறை படிக்கச் சொல்வேன். எல்லாரும் கண் வைத்து சண்டை போடுவது 6 சதவீதம், 5 சதவீதம் என்று எழுதியிருக்கும் ஒதுக்கீட்டுக் கட்டணத்தோடு. அது மூன்று ஆண்டில் 11,328. மாதம் வெறும் 300 என்று காதில் விழாமல் போன நிர்வாகக் கட்டணம் அதைவிட 1,400 ரூபாய் அதிகமாகத் தின்றிருக்கிறது. ஆண்டுக்கு 60,000 கட்டுபவருக்கு இது பிரீமியத்தில் 7 சதவீதம். இதே 300 ரூபாய் ஆண்டுக்கு 5 லட்சம் கட்டுபவருக்கு 1 சதவீதம்கூட இல்லை. சின்னப் பிரீமியம் கட்டுபவருக்கு இப்படிப்பட்ட பாலிசி பொருத்தமில்லை என்பது என் எண்ணம். நிர்வாகக் கட்டணமே இல்லாத யூலிப்களும் சந்தையில் இருக்கின்றன. விற்பவர் அதைச் சொல்ல மாட்டார், வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

அட்டவணையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. மூன்று ஆண்டிலும் ரூபாயில் பார்த்தால் மாதக் கட்டணம் ஏறக்குறைய ஒரே அளவுதான், 6,400-லிருந்து 6,600-க்குள். வயது கூடியதால் மார்டாலிட்டி விகிதம் 3.60, 4.00, 4.45 என்று ஏறியது. ஃபண்ட் வளர்ந்ததால் நிறுவனம் சுமக்கும் வித்தியாசத் தொகை 5.4 லட்சத்திலிருந்து 4.2 லட்சத்துக்குப் பக்கம் இறங்கியது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டன. ஆனால் அதே 6,500 ரூபாய், முதல் ஆண்டு சராசரியாக 52,000 இருந்த ஃபண்டில் 12 சதவீதத்துக்கு மேல். மூன்றாம் ஆண்டு 1,85,000 இருந்த ஃபண்டில் மூன்றரை சதவீதம். முதல் ஆண்டில் ஃபண்ட் 12 சதவீதம் சம்பாதித்திருந்தால்கூட அந்த இடத்திலேயே நின்றிருக்கும். அந்த ஆண்டு என்.ஏ.வி. 24.60-லிருந்து 24.90-க்குத்தான் நகர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பள்ளம் எங்கே விழுந்தது என்பது தெரியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. யூலிப்பில் வேறொரு வகையும் உண்டு. இறந்தால் காப்பீட்டுத் தொகையும் ஃபண்ட் மதிப்பும் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் வகை. அதில் வித்தியாசத்துக்குக் கட்டணம் என்ற பேச்சே இல்லை, முழு 6 லட்சத்துக்கும் கடைசி வரை கட்டணம் கழியும். வயது ஏற ஏற அது கனத்துக்கொண்டே போகும். மேலே போட்ட கணக்கை அப்படிப்பட்ட பாலிசியில் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. உடனே நிறுவனம் ஏமாற்றுகிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

மூன்றாவது: ஸ்டேட்மென்டில் வரியாக வராதது

ஃபண்ட் நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1.35 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இந்த ஃபண்டில் அந்த உச்ச அளவே வைத்திருக்கிறார்கள். அப்போதைய ஜிஎஸ்டி சேர்த்தால் 1.593. ஆசிரியரின் தாள் முழுவதும் தேடினாலும் இதற்கு ரூபாயில் ஒரு வரி இல்லை. அடிக்குறிப்பில் விகிதம் மட்டும் இருந்தது. காரணம், தினமும் ஃபண்டின் சொத்து மதிப்பைக் கணக்கிட்டு, அதில் ஒரு நாள் பங்குக் கட்டணத்தைக் கழித்து, மீதியை யூனிட்களின் எண்ணிக்கையால் வகுத்துத்தான் என்.ஏ.வி.யையே அறிவிக்கிறார்கள். 30.90 என்பது கழித்த பிறகு வந்த விலை.

இவருக்கு மூன்று ஆண்டில் அது எவ்வளவு என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஆண்டின் சராசரி ஃபண்ட் மதிப்பு 52,000, 1,12,000, 1,85,000. கூட்டினால் 3,49,000. அதில் 1.593 சதவீதம், சுமார் 5,560 ரூபாய். ஆனால் இதை 1,80,000-லிருந்து மறுபடியும் கழித்துவிடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் இரட்டிப்பாகக் கழித்துவிட்டு, தாளோடு பொருந்தவில்லை என்று குழம்புவார்கள். என்.ஏ.வி.யைப் பயன்படுத்திவிட்டால் இந்தக் கட்டணம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

இன்று கட்டணம் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் மற்ற இரண்டும் ஏறக்குறைய நிலையாக நிற்க, இது ஒன்று மட்டும் ஃபண்டோடு சேர்ந்து வளரும். ஃபண்ட் 10 லட்சம் ஆகும்போது ஜிஎஸ்டி இல்லாமலேயே ஆண்டுக்கு 13,500.

ஆக, 3,734 எங்கிருந்து வந்தது

இப்போது ஒரே வரியில் எழுதலாம். கட்டியது 1,80,000. தாளில் கண்ணுக்குத் தெரியும் கட்டணங்கள் 11,328-ம் 19,557-ம் சேர்த்து 30,885. மீதி 1,49,115. இன்றைய மதிப்பு 1,76,266. ஆகவே ஃபண்ட் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது, என்.ஏ.வி.க்குள் கழியும் ஃபண்ட் நிர்வாகக் கட்டணம் போக, 27,151 ரூபாய். சம்பாதித்தது 27,151, கட்டணம் 30,885. வித்தியாசம் 3,734. அவருடைய பணம் இறங்கவில்லை. ஏறியதைவிடக் கட்டணம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஆசிரியர் அத்தோடு விடவில்லை. "என்.ஏ.வி. 25 சதவீதம் ஏறியிருக்குன்னா 1,68,672-க்கு 43,000 வந்திருக்கணுமே சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 24.60 என்ற விலையில் வாங்கியது முதல் தவணை மட்டும்தான். மூன்றாவது தவணை 29.90-க்கு வாங்கப்பட்டது, அதற்கு ஏற்றம் மூன்றரை சதவீதம்கூட இல்லை. போட்ட 1,68,672-ஐ 6,422.105 யூனிட்டால் வகுத்தால் சராசரி வாங்கிய விலை 26.26 வருகிறது. அங்கிருந்து 30.90 என்றால் ஏற்றம் 17.7 சதவீதம். அதிலும் நடுநடுவே ரத்தான யூனிட்கள் கடைசி வரை இருந்து வளரவில்லை. தவணை முறையில் கட்டுபவர் ஃபண்டின் விளம்பரத்தில் வரும் மூன்றாண்டு ஏற்றத்தைத் தன் கணக்கோடு நேராக ஒப்பிட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 30,885-ல் ஜிஎஸ்டி மட்டும் சுமார் 4,700. அது இல்லாவிட்டால் இவர் கணக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் லாபத்தில் நின்றிருக்கும்.

கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது

பாலிசி பத்திரத்தோடு பின் அடித்த நிலையில் பலன் விளக்கப் பட்டியல் இருந்தது. ஆண்டுக்கு 4 சதவீதம் வருமானம் வந்தால் எவ்வளவு, 8 சதவீதம் வந்தால் எவ்வளவு என்று ஆண்டு வாரியாகப் போட்டுக் காட்டி வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கும் பட்டியல். 4, 8 என்ற இரண்டு விகிதங்களும் எல்லா நிறுவனத்துக்கும் பொது. விற்கும்போது அந்தப் பட்டியலின் கடைசி வரியைத்தான் காட்டுவார்கள், 15-ஆம் ஆண்டில் எவ்வளவு என்று. ஆசிரியருக்கும் அது மனப்பாடமாக இருந்தது.

அவரை மூன்றாம் ஆண்டு வரியைப் படிக்கச் சொன்னேன். 8 சதவீதக் கட்டத்தில் ஃபண்ட் மதிப்பு 1,69,500-ஐ ஒட்டியிருந்தது. மூன்று ஆண்டில் கட்டியது 1,80,000 என்றும் அதே வரியில் போட்டிருந்தது. அதாவது ஆண்டுக்கு 8 சதவீதம் வருமானம் தடையின்றி வந்தால்கூட மூன்றாம் ஆண்டு இறுதியில் போட்ட பணம் திரும்பாது என்று விற்ற அன்றே எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். நிஜத்தில் அவருக்கு வந்தது அதைவிட ஏழாயிரம் ரூபாய்க்குப் பக்கம் அதிகம்.

புகார் எழுதும் எண்ணத்தோடு வந்தவருக்கு இது கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. சட்டப்படி நிறுவனத்தின் மீது குற்றம் சொல்ல இந்தத் தாளில் எதுவும் இல்லை. ஏஜென்டின் மீது வருத்தப்பட இடம் உண்டு, கடைசி வரியை மட்டும் காட்டியதற்கு. ஆனால் பத்திரம் கைக்கு வந்த பிறகு பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க அவகாசம் உண்டு. இப்போது அது 30 நாள். அந்த நாட்களுக்குள் மூன்றாம் வரியைப் பார்த்திருக்க வேண்டும்.

உண்மையிலேயே தவறு இருந்தால் எப்படித் தெரியும்

இவர் கணக்கில் எல்லாம் பொருந்தியது. பொருந்தாத கணக்குகளும் உண்டு. சரிபார்க்கும் வரிசை ஒன்றுதான். ஒதுக்கீட்டுச் சதவீதம் பத்திரத்தின் அட்டவணையோடு ஒத்துப்போகிறதா, போட்ட தொகையை அந்த நாள் என்.ஏ.வி.யால் வகுத்தால் யூனிட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். என்.ஏ.வி.யை நிறுவனத்தின் தாளிலிருந்தே எடுக்காமல், அவர்கள் தளத்தில் பழைய தேதி போட்டுத் தேடுவது நல்லது. அங்கே பெயரைவிட ஃபண்டின் அடையாள எண் முக்கியம். `ULIF` என்று தொடங்கும் நீளமான எண் அது. ஒரே நிறுவனத்தில் குரோத் ஃபண்ட், குரோத் ஃபண்ட் 2 என்று ஒத்த பெயரில் பல இருக்கும். தவறான ஃபண்டின் விலையைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, மேலே செய்தது போல மார்டாலிட்டி சார்ஜைப் போட்டுப் பார்க்கலாம். கழிந்த தொகை கணக்கைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தால் இரண்டு விஷயத்தைத் தேட வேண்டும். ஒன்று, மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எதையாவது கண்டு விகிதத்தை உயர்த்தியிருக்கிறார்களா. அப்படி உயர்த்தியிருந்தால் ஒப்புதல் கடிதம் இருக்கும். இரண்டாவது, விபத்து போன்ற துணைக் காப்பீடு ஏதாவது யூனிட்டிலிருந்து கழிகிறதா. இரண்டும் இல்லையென்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குத் தேதி, தொகை, யூனிட் மூன்றையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். "ஃபண்ட் மதிப்பு குறைவாக உள்ளது" என்று எழுதினால் மார்க்கெட் அபாயம் பற்றி அச்சடித்த பதில் வரும். "இந்தத் தேதியில் 22.222 யூனிட் ரத்தாக வேண்டிய இடத்தில் 31 ஏன் ரத்தானது" என்று எழுதினால் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அதிலும் தீராவிட்டால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளம், அடுத்து காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில்.

தொடர்வதா, நிறுத்துவதா

போன 30,885-ஐ நினைத்து முடிவெடுப்பதில் பயனில்லை. நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் அது திரும்பாது. நான்காம் ஆண்டில் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுதிப் பார்த்தோம்.

பிரீமியத்தை நிறுத்தினால், நான்காம் ஆண்டில் நிறுத்துவதற்கான கட்டணம் ஆண்டுப் பிரீமியம் அல்லது ஃபண்ட் மதிப்பு, இதில் குறைந்ததன் 2 சதவீதம், அதுவும் 2,000-ஐத் தாண்டாது. இவருக்கு 1,200, ஜிஎஸ்டியோடு 1,416. பணம் உடனே கைக்கு வராது. ஐந்து ஆண்டு லாக்-இன் முடியும் வரை, அதாவது 2027 ஏப்ரல் வரை, நிறுத்தப்பட்ட பாலிசிகளுக்கான தனி ஃபண்டில் கிடக்கும். அங்கே ஆண்டுக்குக் குறைந்தது 4 சதவீதம் உத்தரவாதம். 6 லட்சம் காப்பீடு அன்றோடு போய்விடும்.

தொடர்ந்தால் நான்காம் ஆண்டுச் செலவு: ஒதுக்கீடு 3,540, நிர்வாகம் 4,248, மார்டாலிட்டி சுமார் 2,100. பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஃபண்ட் அப்போது 2,30,000-ஐத் தாண்டியிருக்கும் என்பதால் சதவீதத்தில் நாலேகால். முதல் ஆண்டோடு ஒப்பிட்டால் பாரம் குறைந்திருக்கிறது, ஆனாலும் லேசானது இல்லை.

அவருக்கு வேறு ஆயுள் காப்பீடு இல்லை, 51 வயது ஆகப்போகிறது, சர்க்கரை வந்துவிட்டது. புதிதாக டேர்ம் பாலிசி எடுக்கப் போனால் பிரீமியம் கூடும், மறுக்கவும்கூடும். வேறொருவராக இருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன். இவரிடம் லாக்-இன் முடியும் வரை இன்னும் இரண்டு பிரீமியம் கட்டிவிட்டு, நிறுத்துவதற்கான கட்டணமே இல்லாத அந்த நேரத்தில் மறுபடி கணக்குப் போடலாம் என்றேன். 2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, காலையிலேயே கட்டிவிட்டார்.

செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு, யூலிப் உட்பட, ஜிஎஸ்டி விலக்கு வந்தது. அக்டோபர் 8-ஆம் தேதி ரத்து வரியில் நிர்வாகக் கட்டணம் 354-க்குப் பதில் 300 என்று வந்ததை அவரே பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மார்டாலிட்டி சார்ஜையும் புது வயதின் விகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார், சரியாக இருந்ததாம். கீழே ஒரு கேள்வி: ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு பிரீமியம் கட்டாமல் விட்டாலும் இந்த 300 கழிந்துகொண்டே இருக்குமா? பாலிசியை முடித்துப் பணத்தை எடுக்காமல் காப்பீட்டை அப்படியே ஓடவிட்டால் கழியும். பத்திரத்தில் அதற்கான பிரிவைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.